இரண்டு ஆண்டு என்பது எத்தனை மாதம்?

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய ஆஃபர் லெட்டரையும் அதன் இணைப்பையும் இரண்டு முறை படித்தேன். சம்பளம் முதல் பக்கத்தில் இருக்கிறது; உன்னைக் கட்டிப்போடும் மூன்று நிபந்தனைகளோ இணைப்பில் வெவ்வேறு பக்கங்களில் சிதறிக் கிடக்கின்றன. தனித்தனியே பார்த்தால் மூன்றும் சாதாரணமாகத்தான் தெரியும். சேர்த்துப் படித்தபோதுதான் எனக்குக் கணக்கு உதைத்தது.

தகுதிகாண் காலம் ஆறு மாதம் என்றும், நிறுவனம் விரும்பினால் அதை இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கலாம் என்றும், எழுத்துப்பூர்வமான உறுதிக் கடிதம் தரும்வரை நீ நிரந்தர ஊழியர் அல்ல என்றும் எழுதியிருக்கிறார்கள். இடையில் விலகினால் பணம் கட்டவேண்டும் என்ற பாண்ட் இரண்டு ஆண்டு. ஆனால் அது தொடங்குவது நீ சேரும் நாளிலிருந்து அல்ல, அந்த உறுதிக் கடிதத்தின் தேதியிலிருந்து. நோட்டீஸ் காலமான மூன்று மாதம் பாண்ட் காலத்தில் சேராது என்று ஒரு வரி தனியாக இருக்கிறது. ஆக, தகுதிகாண் காலம் நீட்டிக்கப்பட்டால் பன்னிரண்டும் இருபத்து நான்கும் மூன்றுமாக 39 மாதம். நீ தொலைபேசியில் சொன்ன 'இரண்டு வருடம்' இதுதான்.

அடுத்தது அபராதத் தொகை. முதல் மாதத்தில் விலகினாலும் இருபத்து மூன்றாம் மாதத்தில் விலகினாலும் ஆறு மாத மொத்தச் சம்பளம் என்கிறார்கள். மொத்தச் சம்பளம் என்பது பிடித்தங்களுக்கு முந்தைய தொகை, கைக்கு வருவதைவிட அதிகம். பயிற்சிச் செலவை மீட்பதே நோக்கம் என்றால், நீ வேலை செய்யச் செய்ய அந்தத் தொகை குறைந்துகொண்டே வரவேண்டும். பதினெட்டு மாதம் முடித்தவருக்குக் கால் பங்கு, அதாவது ஒன்றரை மாதச் சம்பளம்தான் மிஞ்சும். குறையாத தொகைக்கும் பயிற்சிக்கும் தொடர்பு இல்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். நியாயமான இழப்பை மீறிய தொகையை நீதிமன்றம் ஏற்காது என்று உன் நண்பர்கள் சொல்லலாம். பல இடங்களில் அது உண்மைதான். ஆனால் அடுத்த வேலைக்குத் தேவையான விடுவிப்புக் கடிதத்தை நிறுவனம் நிறுத்தி வைத்தால், வழக்கு முடியும்வரை யார் காத்திருப்பார்கள்?

தகுதிகாண் காலத்தில் அவர்கள் உன்னை ஏழு நாள் நோட்டீஸில் அனுப்பலாம், நீ விலக அறுபது நாள் தரவேண்டும் என்பதையும் கவனித்தாயா? அவர்களே அனுப்பினால் பாண்ட் தொகை கேட்கப்படுமா என்பதற்கு எங்கும் பதில் இல்லை. எனக்கு மிகவும் உறுத்தியது அந்த மௌனம்தான்.

ஆகவே மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சலில் எழுது. பாண்ட் சேரும் நாளிலிருந்து கணக்கிடப்படுமா, தொகை மாதந்தோறும் குறையுமா, நிறுவனமே பணிநீக்கம் செய்தால் பாண்ட் ரத்தாகுமா, நோட்டீஸ் நாட்களுக்குப் பதிலாகச் சம்பளத்தைக் கட்டி விலகும் உரிமை உனக்கு உண்டா என்று கேள். 'அதெல்லாம் நடைமுறையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று தொலைபேசியில் சொன்னால், அதையே திருத்திய கடிதமாகத் தரும்படி பணிவாகக் கேள். நான்கில் பாண்ட் தொடங்கும் தேதியை மட்டும் மாற்றினாலும் நீ சேரலாம் என்பது என் எண்ணம். பணிநீக்கக் கேள்விக்குப் பதிலே வரவில்லை என்றால் சேர வேண்டாம்.

ஒப்புதல் தர வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றாயே, அதே மின்னஞ்சலில் இரண்டு நாள் கூடுதல் அவகாசமும் கேட்டுவிடு.

அன்புடன்,
அப்பா