ஐந்துக்குச் சரிக்கட்டுவது பற்றி

திருகோணமலை

அன்பின் மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வவுனியாவிலேயே வேலை கிடைத்தது நல்ல செய்தி. இங்கே எல்லாரும் சுகம்.

கடையில் மிச்சம் கொடுக்கச் சில்லறை இல்லாத பிரச்சினைக்கு என்ன செய்கிறேன் என்று கேட்டிருந்தாய். மொத்தக் கணக்கை மட்டும் ஐந்துக்குச் சரிக்கட்டுகிறேன். 462 வந்தால் 460, 463 வந்தால் 465. சாமான் சாமானாகச் செய்யக்கூடாது, ஐந்து சாமானுக்கு ஐந்து தரம் ஏறிவிடும். சரியாகக் குத்திக்காசு எண்ணித் தருபவரிடமும் கியூஆரில் கட்டுபவரிடமும் உள்ளதை உள்ளபடி வாங்குவேன்.

கூட்டிக் கழித்தால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும் என்றுதான் சொல்வார்கள். கடைக்குச் சரி, வாடிக்கைக்காரருக்குச் சரிவராது. எங்கள் தெரு ரீச்சரைப் பார். பள்ளிக்கூட நாளெல்லாம் ஒரு பாண், மூன்று முட்டை. பாண் 130, முட்டை 36 படி 108, மொத்தம் 238. நான் 240 எடுப்பேன். அவருக்கு ஒரு நாளும் இறங்காது, ஏற்றம்தான். இருபது நாளில் நாற்பது ரூபாய், ஒரு முட்டைக் காசுக்கும் மேலே. வாயால் கேட்கமாட்டார், ஆனால் மிச்சத்தை வாங்கும்போது கையில் கொஞ்ச நேரம் வைத்துப் பார்ப்பார். பாணின் விலை என் கையில் இல்லை, முட்டை விலை என் கையில்தான். அதை 35 ஆக்கினேன், கணக்கு 235இல் நின்றது. அந்த இறக்கத்தை வெங்காயத்தில் எடுத்தேன். கிலோ 230 என்றால் கால் கிலோ 57.50, அது யாருக்கும் தொல்லை. 240 ஆக்கிப் பலகையில் எழுதிவிட்டேன், கால் கிலோ 60. விலையைப் பகிரங்கமாகக் கூட்டினால் சனம் பேரம் பேசும், கோபிக்காது. கல்லாவடியில் இரண்டு ரூபாய் மறைந்தால்தான் கோபம்.

விலை அச்சிட்ட பைக்கற்றில் மட்டும் கவனம். 98 ரூபாய் பிஸ்கற்றுக்கு 100 எடுத்தால் குறித்த விலைக்கு மேல் விற்றதாகிவிடும், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்காரர் வந்தால் ‘சில்லறை இல்லை’ என்ற சாட்டு எடுபடாது. தனிப் பைக்கற்றோ, பில் முழுக்கப் பைக்கற்றோ என்றால் எப்போதும் கீழ்ப்பக்கம்தான், 95. மூன்று ரூபாய் போகட்டும். நிறுத்துப் போடும் சாமான் கலந்திருந்தால்தான் மேலே போவேன். மிச்சத்துக்கு டொபி கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். ஒரு பொடியன் சேர்த்து வைத்த டொபியை எல்லாம் கொண்டுவந்து பென்சில் கேட்டான், கொடுக்காமல் என்ன செய்ய?

கடன் கொப்பியில் சரிக்கட்டவே வேண்டாம். ஒரு வீட்டுப் பிள்ளை ஒரே நாளில் நாலு தரம் வரும். ஒவ்வொரு தரமும் உள்ளதை எழுதி, சம்பளத்தன்று மொத்தத்தில் ஒரு தரம், அதுவும் கீழ்ப்பக்கமாக. கொப்பியை வீட்டில் கூட்டிப் பார்ப்பவர்கள் உண்டு மச்சான், அவர்கள் கூட்டும் தொகையும் உன் தொகையும் ஒன்றாக இருக்கவேண்டும்.

கோயில் திருவிழாவுக்கு வருவாய்தானே? வரும்போது ஐந்து ரூபாய்க் குத்தி கிடைத்தால் ஒரு பை கொண்டு வா, நோட்டாகத் தருகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்