ஞாயிறு முகாம்: யார் எங்கே, ஓய்வு எப்போது

அனைவருக்கும் வணக்கம். 9 முதல் 1 மணி வரை சுமார் 120 பேரை எதிர்பார்க்கிறோம். பதிவுக்கு 2, பிபிக்கு 3, சுகருக்கு 2, ஆலோசனைக்கு 2 பேர்.

கூட்டம் தேங்குவது எப்போதும் பிபி மேசையில்தான். நடந்து வந்தவரை உடனே அளந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். பிறகு தேவையில்லாமல் ஆலோசனை வரிசையும் நீளும். அதனால் 5 நிமிடம் நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்கவும். கால் தரையில் ஊன்றியிருக்கட்டும், கை மேசைமேல் இருக்கட்டும், அளக்கும்போது பேச்சு வேண்டாம். அந்த 5 நிமிட ஓய்வு போக, மேசையில் ஒருவருக்கு 6 நிமிடம் என வைத்துக்கொள்வோம். மூன்று மேசை இருந்தால்தான் 4 மணி நேரத்தில் 120 பேர் முடியும். ஒரு மேசை கால் மணி நேரம் காலியானாலே வரிசை வாசலுக்குப் போய்விடும்.

ஆகவே 10.30க்குப் பதிவில் இருக்கும் நர்சிங் மாணவி மாற்றாளாக வருவார். பிபி, சுகர், மீதிப் பதிவாளர் என ஆறு பேருக்கும் தலா 15 நிமிடம், ஒருவர்பின் ஒருவராக. 12 மணிக்கு முடிந்துவிடும். அதன்பின் அவருக்கு ஓய்வு. ஆலோசகர்கள் இருவரும் தங்களுக்குள் மாறிக்கொள்ளுங்கள், பேச்சை நடுவில் விட்டு எழ வேண்டாம்.

கையிலிருக்கும் சீட்டில் அளவை எழுதிய பிறகே இருக்கையை விடுங்கள். ஒருவர் அளவு இன்னொருவர் சீட்டில் ஏறுவது ஆள் மாறும் அந்த நேரத்தில்தான்.