மருத்துவமனைச் சமையலறைக்கு டெண்டர் எழுதும் பொறியாளர்களுக்கு

வணக்கம்.

நான் எஸ்.எஸ். பைப் வேலை எடுத்துச் செய்கிறவன். "எல்லா ஜாயிண்டும் வெல்டிங், பிறகு பாசிவேஷன்" என்ற ஒரே வரி உங்கள் டெண்டர்களில் மாறாமல் வருகிறது. அந்த வரி போதாது என்று சொல்லத்தான் இந்த மடல்.

ஒரு மருத்துவமனைச் சமையலறையில் சுடுதண்ணீர் லைன் கசிகிறது என்று கூப்பிட்டார்கள். 316எல் பைப், போட்டு எட்டு மாதம்தான். வெல்டிங்கை ஒட்டி ஊசிமுனை ஓட்டைகள், சுற்றிலும் பழுப்புக் கறை. ஒரு ஜாயிண்டை அறுத்துப் பிளந்து பார்த்தோம். வெளியே பளபளப்பு, உள்ளே சர்க்கரை தீய்ந்தது போலக் கருத்த கரகரப்பு. காற்றை விலக்க பைப்புக்குள் ஆர்கான் வாயு நிரப்பாமலே வெல்டிங் அடித்திருக்கிறார்கள். பாசிவேஷன் சான்றிதழ் ஃபைலில் இருந்தது. அது பொய்யும் அல்ல.

எஸ்.எஸ்.ஸைக் காப்பது சில நானோமீட்டர் கனமுள்ள குரோமியம் ஆக்சைடு படலம். பழுக்கச் சூடான இடத்தில் காற்று பட்டால் குரோமியம் மேலே கருப்பாகப் படிந்துவிடும். அதற்கு அடியில் குரோமியம் குறைந்த அடுக்கு நிற்கும். குளோரின் கலந்த தண்ணீர் அரிக்கத் தொடங்குவது அங்கேதான். பாசிவேஷன் என்பது நைட்ரிக் அல்லது சிட்ரிக் அமிலத்தால், கட்டிங், கிரைண்டிங்கில் ஒட்டிய இரும்புத் துகளைக் கரைத்து, படலம் சீராக வளர வழிவிடுவது. கருத்த அடுக்கை அது எடுக்காது. அதற்கு ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் சேர்ந்த பிக்லிங் வேண்டும். மாட்டி முடித்த லைனுக்குள் அதை விடுவது ஆபத்தான வேலை. ஆகவே முதலிலேயே கருக்காமல் பார்ப்பதுதான் வழி. உட்பக்கம் வெளிர் வைக்கோல் நிறம் இருந்தால் சரி. நீலமோ கருப்போ தெரிந்தால் வெட்டி எறியுங்கள்.

இன்னொரு வழி, பைப்பை உள்ளே நுழைத்துக் கருவியால் அழுத்தி இணைக்கும் பிரஸ் ஃபிட்டிங். அதில் நெருப்பே இல்லை, அதனால் இந்தக் கருப்பும் இல்லை. சமையல் நடக்கும்போதே பக்கத்தில் வேலை செய்யலாம். அதற்கும் எல்லை உண்டு. உள்ளே இருக்கும் இபிடிஎம் ரப்பர் வளையத்துக்கு எண்ணெய், கொழுப்பு ஆகாது. நீராவி லைனுக்கு அந்த வளையம் சரிப்படாது. பைப்புக்கும் ஃபிட்டிங்குக்கும் நடுவில் இடுக்கு இருப்பதால் பால், கஞ்சி போகும் லைனில் அழுக்குத் தங்கும். அறுத்த விளிம்பில் பிசிர் இருந்தால் வளையம் கிழியும். பைப் எவ்வளவு ஆழம் உள்ளே போக வேண்டும் என்று மார்க்கரால் கோடு போடாதவரிடம் வேலை கொடுக்காதீர்கள். அழுத்த மறந்த ஜாயிண்ட் கசிந்து காட்டிக்கொடுக்கும் வகை ஃபிட்டிங் கிடைக்கிறது, அதைக் கேளுங்கள். முழு அழுத்தச் சோதனைக்கு முன் குறைந்த அழுத்தத்தில் ஒரு சுற்றுப் பாருங்கள்.

எனவே அந்த ஒரு வரியைப் பிரித்து எழுதுங்கள். குடிதண்ணீருக்கும் சுடுதண்ணீருக்கும் பிரஸ். நீராவிக்கும் உணவு ஓடும் பைப்புக்கும் உள்ளே ஆர்கான் நிரப்பிய டிக் வெல்டிங். ஒவ்வொரு வெல்டரும் முதல் நாளில் ஒரு ஜாயிண்ட் போட்டு, அதை உங்கள் கண்முன் பிளந்து காட்ட வேண்டும் என்றும் சேருங்கள். அரை மணி நேர வேலைதான்.

எட்டு மாதத்தில் ஓட்டை விழுந்த அந்தத் துண்டு என் பட்டறை மேசையில் இருக்கிறது. வந்தால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பைப் ஒப்பந்ததாரர்