மூன்று கல்லும் ஒரே காரட்தான்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று வைரங்களின் வீடியோவையும் பார்த்தேன்: உருண்டை, ஓவல், சதுரமாக வெட்டிய பிரின்சஸ். மூன்றும் ஒரு காரட், ஆனால் ஓவல்தான் பெரிதாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறாய். காரட் என்பது எடை, 0.2 கிராம். அளவு தெரிய வேண்டுமென்றால் சான்றிதழில் மில்லிமீட்டரைப் பார்.

ஒரு காரட் உருண்டைக் கல் சுமார் 6.5 மி.மீ. விட்டம் இருக்கும். ஓவல் 7.7க்கு 5.7, பிரின்சஸ் 5.5 சதுரம். மேல்பரப்பைக் கணக்குப் போட்டால் உருண்டை 33, ஓவல் 34, பிரின்சஸ் 30 சதுர மி.மீ. வருகிறது. ஆக, ஓவல் உருண்டையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அந்த நீளம்தான் கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகக் காட்டுகிறது. பிரின்சஸ் எடையில் நிறைய அடியில் ஆழமாக இறங்கிவிடும், மேலே தெரியாது.

ஒரு காரட்டுக்கான விலையில் பெரும்பாலும் உருண்டைதான் உச்சம். இயற்கையில் கிடைக்கும் நல்ல வைரப் படிகம் இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டினது போல இருக்கும். அதை நடுவில் அறுத்தால் ஒவ்வொரு பாதியும் கிட்டத்தட்ட பிரின்சஸ் வடிவம், அதனால் சேதாரம் குறைவு. உருண்டைக்கு அந்த மூலைகளையெல்லாம் தேய்த்துத் தள்ள வேண்டும். பாதிக்கு மேலேயே போய்விடும். கேட்பவர்களும் அதற்குத்தான் அதிகம்.

ஜொலிப்பிலும் உருண்டைக்கு ஈடு இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் வெளிச்சம் ஒரே மாதிரி திரும்பி வரும். பிரின்சஸ் சில்லுச் சில்லாக மின்னும், அது வேறு அழகு. அதன் நான்கு முனையும் எளிதில் உடையும் என்பதால் கொக்கிகள் முனைகளை மூடியே பிடிக்க வேண்டும்.

உன் மனசு ஓவலில்தான் இருக்கிறது, சரி. அதன் நடுவில் குறுக்கே வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி ஒரு கறுப்பு நிழல் விழும். பார்ப்பவரின் தலையே வெளிச்சத்தை மறைப்பதால் வருவது அது. கொஞ்சமாவது கிட்டத்தட்ட எல்லா ஓவலிலும் உண்டு. எடையும் நிறத் தரமும் போட்டிருந்தாலும் இதைச் சான்றிதழ் சொல்லாது. சுற்றிலும் விளக்கு வைத்து எடுத்த வீடியோவிலும் சரியாகத் தெரியாது. ஜன்னல் பக்கம் வந்து, விளக்கை அணைத்து, கல்லை ஒரு முழத் தூரத்தில் பிடித்துக்கொண்டு மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பார். சாய்க்கச் சாய்க்க அந்தக் கறுப்பு வெளிச்சமாக மாறி மாறி வந்தால் நல்ல கல். எப்படிச் சாய்த்தாலும் கறுப்பு அசையாமல் நின்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். நான் ஒருமுறை கடை விளக்கில் பார்த்து வாங்கி, வீட்டுக்கு வந்தபின் நடுவில் நிழல் கட்டிய கல்லோடு பல வருஷம் வருத்தப்பட்டிருக்கிறேன்.

ஜன்னலோரம் வைத்து எடுத்த ஒரு வீடியோவும் மில்லிமீட்டர் அளவும் எனக்கு அனுப்பு. அப்புறம் முன்பணம் கொடுக்கலாம்.

அன்புடன்,
அம்மா