ராக்கெட்டை விட வைரம்தான் ஆபத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் வரும் பங்குப் பரிந்துரைகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ராக்கெட் படம் போட்டு வரும் செய்திகளை நம்ப வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். சரிதான். ஆனால் ராக்கெட்டுக்குப் பின்னாலேயே இன்னொரு படம் வரும். இரண்டு கைகளும் ஒரு வைரமும், இப்படி: 💎🙌. அதைக் கட்டுரை தொடவே இல்லை. பங்குத் தரகு அலுவலகம் ஒன்றில் நெடுங்காலம் டெர்மினல் முன்னால் உட்கார்ந்திருந்தவன் என்பதால் சொல்கிறேன், புதிதாக வருகிறவர்களின் பணத்தை அதிகம் கரைப்பது அந்த வைரம்தான்.

ராக்கெட் சொல்வது ‘வாங்கு’. வைரம் சொல்வது ‘விற்காதே’. விலையை ஏற்றிவிட்டு வெளியேற நினைக்கிறவருக்கு இரண்டும் தேவை. வாங்க ஆள் வந்தால் மட்டும் போதாது. வந்தவர்கள் அவருக்கு முன்னால் விற்கவும் கூடாது. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்கக் கிளம்பினால் அவருடைய பங்கை யார் வாங்குவது? அதனால்தான் விலை ஏறும்போது ராக்கெட்டாக வந்த குழுவில், விலை தடுமாற ஆரம்பித்ததும் வைரமாகக் கொட்டுகிறது. விற்றவனுக்கு ‘பேப்பர் ஹேண்ட்ஸ்’ என்று பட்டம் வேறு. கோழை என்று பெயர் வாங்கப் பயந்தே பலர் நஷ்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த வைரம் எங்கிருந்து பிரபலமானது என்று தெரிந்தால், இங்கே அது எவ்வளவு பொருந்தாதது என்பதும் புரியும். 2021 ஜனவரியில் அமெரிக்காவில் கேம்ஸ்டாப் என்ற வீடியோ கேம் கடை நிறுவனத்தின் பங்கு விஷயம் நடந்தது. இந்தப் பங்கு விழும் என்று கணக்குப் போட்ட பெரிய நிதி நிறுவனங்கள், பங்கைக் கடன் வாங்கி விற்றிருந்தன. ஷார்ட் செல்லிங் என்பது இதுதான். பிறகு குறைந்த விலையில் வாங்கித் திருப்பிக் கொடுத்தால் லாபம். கேம்ஸ்டாப்பில் இப்படி விற்கப்பட்ட பங்குகளின் எண்ணிக்கை, சந்தையில் கைமாறக் கிடைத்த பங்குகளின் எண்ணிக்கையையே தாண்டிவிட்டது. ஒரே பங்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை கடன் போயிருந்ததால் அது சாத்தியமானது.

ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் வால்ஸ்ட்ரீட்பெட்ஸ் என்ற குழுவில் இருந்தவர்கள் இதைக் கவனித்தார்கள். கடன் வாங்கி விற்றவர் என்றைக்காவது வாங்கித்தான் தீர வேண்டும். கையில் பங்கு வைத்திருப்பவர்கள் யாருமே விற்காவிட்டால் அவர் எந்த விலை கொடுத்தும் வாங்க வேண்டிவரும். ‘வைரக் கையோடு பிடித்துக்கொள்’ என்ற பேச்சுக்கு அங்கே ஒரு கணக்கு இருந்தது. ஜனவரி 12ஆம் தேதி 20 டாலருக்குப் பக்கத்தில் இருந்த பங்கு, 27ஆம் தேதி 347 டாலரில் முடிந்தது. மறுநாள் பகலில் 483 டாலரைத் தொட்டது. அன்றைக்கே ராபின்ஹுட் உள்ளிட்ட சில செயலிகள் அந்தப் பங்கை வாங்குவதற்குத் தடை போட்டன. பிப்ரவரி மூன்றாம் வாரம் முடியும்போது விலை 40 டாலருக்கு வந்திருந்தது. கணக்கு இருந்த இடத்திலேயே, 300 டாலரில் வாங்கி வைரத்தை நம்பி உட்கார்ந்தவருக்கு மூன்று வாரத்தில் ரூபாய்க்குப் பதிமூன்று, பதினான்கு காசுதான் மிஞ்சியது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் அதே ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையிலும், ஷார்ட் விற்றவர்கள் திரும்ப வாங்கியது மொத்த வாங்கலில் சிறு பங்குதான், வாரக்கணக்கில் விலையைத் தாங்கிப் பிடித்தது மக்களின் உற்சாகம்தான் என்று சொன்னார்கள்.

சரி, இப்போது நம் ஊருக்கு வருவோம். இங்கே குழுக்களில் ராக்கெட் போட்டு விற்கப்படுவது பெரும்பாலும் பத்து, இருபது ரூபாய்ப் பங்குகள். எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர வணிகப் பட்டியலில் இல்லாத சிறு நிறுவனங்கள். கையில் இல்லாமலே அவற்றை விற்றுவிட்டு நாள் கடந்தும் அப்படியே வைத்திருக்கச் சாதாரணமாக வழி கிடையாது. டிரேட் டு டிரேட் பிரிவில் போட்டுவிட்டால் அன்றைக்கே விற்று வாங்குவதும் முடியாது. வாங்கினால் டெலிவரி எடுக்க வேண்டும், கையில் இருந்தால்தான் விற்கலாம். ஆக, எந்த விலைக்கும் வாங்கியே தீர வேண்டிய நிலையில் மாட்டிக்கொண்ட ஆள் அங்கே ஒருவர்கூட இல்லை. பிறகு எதற்காக விற்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும்? கேம்ஸ்டாப்பின் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் கணக்கை விட்டுவிட்டார்கள்.

இதை ஓர் உதாரணக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பங்கு 20 ரூபாய், ஒரு நாளைக்கு ஏறவோ இறங்கவோ 5 சதவீதம்தான் வரம்பு என்று வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே சேர்த்து வைத்தவர்கள் விற்காமல் நிறுத்திக்கொண்டு, தங்களுக்குள் சிறிது சிறிதாக மேல் விலைக்கு வாங்கினாலே தினமும் அன்றைய ஏற்ற வரம்பான அப்பர் சர்க்யூட் போட்டுவிடலாம். தொடர்ந்து பதினைந்து நாள் போட்டால் விலை 41 ரூபாயைத் தாண்டும். இந்த நாட்களில் செயலியில் எந்த விலைக்கு எத்தனை ஆர்டர் நிற்கிறது என்று காட்டும் மார்க்கெட் டெப்த் பார்த்தால் வாங்குவோர் பக்கம் லட்சக்கணக்கில் ஆர்டர் நிற்கும், விற்போர் பக்கம் பூஜ்யம். புதியவர் வாங்கப் போனாலும் கிடைக்காது. கிடைக்காததாலேயே ஆசை கூடும். குழுவில் காலை ஒன்பது மணிக்கே ராக்கெட்டுகள் வந்துவிடும். ‘நேற்றும் விட்டுவிட்டீர்களே’ என்ற கிண்டல் வரும், யாரோ ஒருவரின் லாபக் கணக்கு ஸ்கிரீன்ஷாட்டாக வரும்.

அப்புறம் ஒரு நாள் ஆர்டர் போட்டதும் பங்கு கிடைத்துவிடும். புதியவர் சந்தோஷப்படுவார். நான் பயப்படுவது அந்த நாளைக் கண்டுதான். பதினைந்து நாளாக விற்க ஆளே இல்லாத பங்கு திடீரென்று தாராளமாகக் கிடைக்கிறது என்றால், சேர்த்து வைத்தவர் விற்க ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம். 40 ரூபாய் வீதம் 2,500 பங்கு, ஒரு லட்சம் ரூபாய் உள்ளே போகிறது. மறுநாள் இறக்க வரம்பான லோயர் சர்க்யூட். இப்போது டெப்த்தில் எல்லாம் தலைகீழ். விற்போர் பக்கம் லட்சக்கணக்கில் ஆர்டர், வாங்குவோர் பக்கம் பூஜ்யம். ஒரே விலையில் நிற்கும் ஆர்டர்களில் முதலில் போட்டவருக்குத்தான் முதலில் விற்கும். நம் ஆள் டீ குடித்துவிட்டு ஒன்பதே காலுக்குப் போட்ட ஆர்டர் வரிசையின் கடைசியில் நிற்கும். இப்படிப் பத்து நாள் போனால் 40 ரூபாய் 24 ரூபாயாகிவிடும். ஒரு லட்சம் அறுபதாயிரம். விலை இவ்வளவு இறங்கினால் விற்றுவிடு என்று முன்கூட்டியே ஸ்டாப் லாஸ் போட்டிருந்தாலும் பயனில்லை, வாங்க ஆள் இருந்தால்தானே அது நிறைவேறும்?

குழுவில் வைரம் கொட்டும் நாட்கள் இவைதான். விற்க முடியாமல் மாட்டிக்கொண்டவரை, விற்காமல் உறுதியாக நிற்கும் வீரர் என்று நம்ப வைக்கிறார்கள். நடுவில் ஓரிரு நாள் லோயர் சர்க்யூட் திறக்கும். வாங்குவோர் வருவார்கள், விலை கொஞ்சம் மேலே வரும். அடிபட்டாலும் வெளியே வர அதுதான் வாய்ப்பு. அன்றைக்குப் பார்த்துக் குழுவில் இரண்டு படங்களும் சேர்ந்து வரும். மீண்டும் கிளம்பிவிட்டது என்று நம்பி இன்னும் ஐம்பதாயிரம் போட்டு, வாங்கிய சராசரி விலையைக் குறைக்க ‘ஆவரேஜ்’ செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குழுவில் சந்தேகம் கேட்டால் பதில் வராது, ஆளைத் தூக்கிவிடுவார்கள். பல குழுக்களில் அட்மின் தவிர வேறு யாரும் எழுதவே முடியாது. அத்தனை பேரும் உற்சாகமாக இருப்பதுபோல் தெரிவதெல்லாம் படத்துக்குக் கீழே சேரும் ரியாக்‌ஷன்களின் எண்ணிக்கை மட்டுமே.

எழுத்தில் சொல்லாமல் ஏன் படமாகப் போடுகிறார்கள்? ‘உறுதியாக இரட்டிப்பாகும்’ என்று எழுதினால் அது வாக்குறுதி. ராக்கெட்டில் வாக்குறுதி எதுவும் இல்லையே என்று நாளைக்குக் கையை விரித்துவிடலாம் என்ற நினைப்பு. நீதிமன்றங்கள் அவ்வளவு அப்பாவிகள் அல்ல. 2023 பிப்ரவரியில், டேப்பர் லேப்ஸ் நிறுவனம் விற்ற கூடைப்பந்து டிஜிட்டல் அட்டைகள் தொடர்பான வழக்கில், நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி விக்டர் மரேரோ இதைத் தொட்டார். நிறுவனத்தின் ட்வீட்களில் லாபம் என்ற சொல்லே இல்லாவிட்டாலும், ராக்கெட், விலை வரைபடம், பண மூட்டை ஆகிய படங்களுக்கு முதலீட்டில் கிடைக்கும் வருமானம் என்ற ஒரே பொருள்தான் என்று குறிப்பிட்டார். இறுதித் தீர்ப்பு அது இல்லை. வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய மறுத்த உத்தரவு. இருந்தாலும் படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்பது பதிவாகிவிட்டது.

இந்த ஆட்டத்தில் கடைசியில் பங்கு யார் கையில் போய்ச் சேருகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே ஆதாரம் உண்டு. சாத்னா பிராட்காஸ்ட் என்ற நிறுவனத்தின் பங்கு விவகாரத்தில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2023 மார்ச்சில் இடைக்கால உத்தரவு போட்டது. அங்கே ஏமாற்றக் கையாண்டது படங்களை அல்ல, 2022 ஜூலையில் யூடியூபில் ஏற்றிய பொய் வீடியோக்களை. வழிமுறை ஒன்றுதான். அந்தச் சமயத்தில் சிறு பங்குதாரர்களின் எண்ணிக்கை இரண்டாயிரத்துச் சொச்சத்திலிருந்து 55,000க்கு மேல் போனது. விற்று வெளியேறியவர்களில் நிறுவனத்தைக் கையில் வைத்திருக்கும் புரமோட்டர்கள் சிலரும் இருந்தார்கள் என்கிறது அந்த உத்தரவு.

குழுவில் ஒரு பங்கின் பெயர் வந்தால் வாங்குவதற்கு முன் பங்குச் சந்தையின் தளத்தில் அதன் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தினசரி வரம்பு 5 சதவீதமோ அதற்கும் கீழேயோ இருக்கிறதா, டிரேட் டு டிரேட் அடையாளமாக என்எஸ்இ என்றால் BE, பிஎஸ்இ என்றால் T என்று போட்டிருக்கிறதா, காலாண்டுக்கு ஒரு முறை வரும் பங்குதாரர் பட்டியலில் புரமோட்டர் பங்கு குறைந்து சிறு பங்குதாரர் எண்ணிக்கை பெருகியிருக்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் அந்தப் பட்டியல் காலாண்டு முடிந்த பிறகுதான் வரும். பதினைந்து நாளில் முடிந்துவிடும் ஆட்டத்தை அது காட்டிக் கொடுக்காது. தினமும் எத்தனை பங்கு கைமாறுகிறது என்ற எண்ணிக்கை அதைவிட உதவும். வாரக்கணக்கில் சில ஆயிரம் மட்டும் கைமாறி அப்பர் சர்க்யூட்டில் நின்ற பங்கில், ஒரே நாளில் பல லட்சம் கைமாறியிருந்தால், அன்றைக்கு வாங்கியவர்களில் ஒருவராக நாம் இருக்கக் கூடாது.

உங்கள் இதழின் வணிகப் பக்கத்தில் தினமும் அதிகம் ஏறிய பங்குகளின் பட்டியல் போடுகிறீர்கள். அதில் சர்க்யூட்டில் பூட்டியிருக்கும் பங்குகளுக்கு ஓர் அடையாளமும், அன்றைக்குக் கைமாறிய எண்ணிக்கையும் சேர்த்துப் போட முடியுமா? இப்போது இருக்கும் வடிவில் அந்தப் பட்டியலையே கத்தரித்து, மேலே இரண்டு ராக்கெட் ஒட்டி, குழுவில் போட்டதை நான் பார்த்தேன்.

இப்படிக்கு,
பங்குத் தரகு அலுவலக ஓய்வு பெற்ற ஊழியர்,
ஈரோடு