குன்னூரைத் தாண்டிய ரயில், கன்னத்தைத் தாண்டாத இட்லி

ஊட்டி

அன்புள்ள சுமதி,

மூன்று மாதமாகப் பதில் போடாதது தப்புதான், திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தைக்கு முழங்கால் வலி, அவருக்கு வழக்கம்போல சளி. பெரியவர் இன்னும் ரேடியோவை நிறுத்தவில்லை.

உன் பையன் இட்லியைச் சுவரில் அப்பும் படத்துக்கு என்ன எழுதுவதென்று கேட்டிருந்தாயே, அதற்குப் போன மாதமே எழுத உட்கார்ந்தேன். அதற்குள் என் பக்கத்தில் ஒன்று நடந்துவிட்டது. அதைச் சொல்லாமல் உனக்குக் கேப்ஷன் சொல்லித்தர மனசு வரவில்லை.

பாப்பா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு கிண்ணத்தைத் தள்ளுகிற படம் ஒன்று போட்டேன். கீழே, 'எங்க வீட்டுப் பிடிவாதப் பிசாசு, இன்னைக்கும் பட்டினிப் போராட்டம்' என்று எழுதினேன். எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனார் பையனுக்கு ஒன்பது வயசு, அவன் அதை வாய்விட்டுப் படித்தான். அதிலிருந்து சாப்பாட்டு வேளை வந்தால் வீட்டில் எல்லோருக்கும் அவள் 'பிசாசு'. ஒரு வாரம் கழித்து, "பாப்பா பேர் என்ன?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டபோது, நெஞ்சில் கையை வைத்து "பிசாசு" என்றாள் பாப்பா, சுமதி. இருபத்திரண்டு மாதக் குழந்தை. அன்றே அந்தப் படத்தை எடுத்துவிட்டேன். அவளை அப்படிக் கூப்பிடக்கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் உட்கார்ந்து பேசினேன். இப்போது மறந்துவிட்டாள். எனக்குத்தான் மறக்கவில்லை.

அதிலிருந்து எனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறேன். குழந்தைக்குப் பட்டப்பெயர் வைக்கிற கேப்ஷன் வேண்டாம், அழுகிற முகம் வேண்டாம். சிரிப்பு சோற்றின் மேல் விழட்டும், இட்லியின் மேல் விழட்டும், மூடுபனியின் மேல் விழட்டும். குழந்தையை மட்டும் விட்டுவிட வேண்டும். அப்படி எழுத முடியுமா என்று நீ கேட்பாய். முடியும்டி, இன்னும் நன்றாகவே வருகிறது.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் ஒரு வாய் இட்லி ஊட்டினேன். அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு விளையாடப் போய்விட்டாள். ரொம்ப நேரம் கழித்துப் பார்த்தால் அப்படியே இருக்கிறது. முதலில், 'என் மகள் உணவை வாயிலேயே வைத்துக்கொள்கிறாள், விழுங்குவதே இல்லை, என்ன செய்வது தோழிகளே' என்று எழுதினேன். அது கேப்ஷன் இல்லை, புலம்பல். பிறகு நம் மலை ரயில் ஞாபகம் வந்தது. 'காலைல மேட்டுப்பாளையத்துல கிளம்பின ரயில் மத்தியானம் ஊட்டி வந்து சேர்ந்துடுச்சு, காலைல நான் ஊட்டின இட்லி இன்னும் இவ கன்னத்துலயே நிக்குது' என்று மாற்றினேன். சிரிப்பு வந்தது, ஆனால் மூச்சு வாங்கியது. படத்துக்குக் கீழே முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும், மீதி 'மேலும்' என்பதற்குள் மறைந்துவிடும். அப்படி மறைகிற இடத்தில் சிரிப்பை வைத்தால் வீண். வெட்டி வெட்டிக் கடைசியில் நின்றது இது:

'ரயில் குன்னூரைத் தாண்டிடுச்சு. இட்லி கன்னத்தைத் தாண்டல.'

குன்னூரும் கன்னமும் காதில் மோதுகிறது பார், அதுதான் வேலை செய்கிறது. விளக்கமே வேண்டாம். 'இட்லி' என்று சொல்லாமல் 'உணவு' என்று போட்டிருந்தால் செத்திருக்கும். ஒரு சின்ன உண்மையான பொருள் இருக்க வேண்டும், சிரிப்பைத் தருகிற சொல் கடைசியில் விழ வேண்டும்.

இன்னும் மூன்று தருகிறேன். இரண்டை உன் மதுரைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்:

'நிலா காட்டி ஊட்டலாம்னு வெளிய வந்தேன். மூடுபனி நிலாவையே முழுங்கிடுச்சு. இந்த வீட்ல முழுங்கத் தெரிஞ்சது அது மட்டும்தான்.'

'ஊட்டி காரட் லாரி ஏறி ஊர் ஊரா போகுது. பக்கத்துல இருக்கிற இந்த வாய்க்கு மட்டும் லோடு இறங்கல.'

'இருக்கிறது ஊட்டி. நடக்காதது ஊட்டல்.'

கடைசியை மதுரையில் போட்டால் யாருக்கும் புரியாது, அதை எனக்கே விட்டுவிடு.

சிரிப்பு இருக்கட்டும். கேப்ஷன் எழுதிக்கொண்டே இருக்கும்போது உள்ளே ஒரு பயம் இருந்ததை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். உண்மையிலேயே ஏதாவது குறையாக இருந்து, நான் அதை வேடிக்கையாக்கிக்கொண்டிருந்தால்? எடை பார்க்கும் நர்ஸ் அக்காவிடம் அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பிறக்கும்போது 3 கிலோ, முதல் பிறந்தநாளுக்கு 9.1, இப்போது 10.8. பத்து மாதத்தில் ஒன்றே முக்கால் கிலோகூட ஏறவில்லையே என்று அழப்போனேன். அந்த அக்கா அட்டையில் இருந்த வளர்ச்சிக் கோட்டைக் காட்டினாள். முதல் வருஷம் எடை மூன்று மடங்காகிறது. இரண்டாம் வருஷம் முழுக்கவே இரண்டு, இரண்டரைக் கிலோதான் ஏறும். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறைகிறது. புள்ளிகள் அதே கோட்டையொட்டிப் போனால் பயம் இல்லை என்றாள். எடை இறங்கினாலோ, கோடு விட்டுக் கோடு கீழே சரிந்தாலோ, கட்டியாக எதைக் கொடுத்தாலும் புரையேறினாலோ, சிறுநீர் குறைந்து சோர்ந்து கிடந்தாலோதான் டாக்டரிடம் போகச் சொன்னாள். வாயில் அடக்கிக்கொண்டு ஓட விடாதே, அடைத்துக்கொள்ளும், உட்கார வைத்து ஊட்டு என்றும் சொன்னாள். அன்றிலிருந்து சோறு தரையில் உட்கார்ந்துதான். உன் பையனையும் உட்கார வை.

அதோடு, "பால் எவ்வளவு குடிக்கிறா?" என்று கேட்டாள். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அத்தை ஒரு நாளைக்கு நாலு பெரிய டம்ளர் கொடுத்துக்கொண்டிருந்தார், முக்கால் லிட்டருக்கு மேல் வரும். வயிறு பாலாலேயே நிறைந்துவிடுகிறது, சோற்றுக்கு இடம் எங்கே? பால் மட்டுமே அதிகமாகப் போனால் இரும்புச்சத்தும் குறையும் என்றாள். இப்போது அரை லிட்டருக்குள், அதுவும் சாப்பாடு முடிந்த பிறகுதான். அத்தைக்கு வருத்தம், இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நாலாம் நாள் பாப்பா ரசம் சாதத்தைக் கிண்ணத்தோடு இழுத்தாள். முழுசாகச் சாப்பிட்டாள் என்று சொல்ல மாட்டேன், ஆறு வாய். எண்ணினேன்.

அந்த ஆறு வாய்க்குக் கேப்ஷன் எழுத வரவேயில்லை சுமதி. சாப்பிடாதபோது எத்தனை வரி வருகிறது, சாப்பிட்டால் பேசாமல் பார்த்துக்கொண்டே இருக்கத்தான் தோன்றுகிறது.

உன் பையன் எடை அட்டையைப் பார்த்து எண்களை எனக்கு அனுப்பு. சுவர் இட்லிக்கு இதைப் போடு: 'சுவருக்குப் பசி. எங்க பையன் ஊட்டிவிட்டான்.' முகம் தெரியாத படமாகப் பார்த்து எடுத்துக்கொள், கையும் சுவரும் போதும்.

இந்த வாரம் வர்க்கி அரைக் கிலோ பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். பையன் கண்ணில் படாமல் மேல் அலமாரியில் வை, இல்லாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

உன்
கல்பனா