மழைத்துளி எப்போதும் கடலுக்குப் போவதில்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் சிறுவர் பகுதியில் வெளிவந்த மழைத்துளிக் கதையின் முதற்பாகத்தை அயல்வீட்டுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். சின்னத்துளி மலையுச்சியில் விழுகிறது, அருவியில் சறுக்குகிறது, ஆற்றோடு ஓடிக் கடலில் கலக்கிறது. பிறகு வெயில் பட்டு மேலே போய், முகிலாகி, மறுபடியும் அதே மலையில் வந்து விழுகிறது. நடை நன்றாக இருக்கிறது. பாறைப்பாசி துளிக்குக் கிச்சுகிச்சு மூட்டும் இடத்தில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது முடிந்ததும் நாலாம் வகுப்புப் படிக்கும் ஒருத்தி கேட்டாள்: "ரீச்சர், எங்கட மழை எந்த மலையில விழுந்து வாறது?"

அவள் கேட்டது நியாயம். வன்னியில் மலை இல்லை. வருடம் முழுக்க ஓடும் ஆறும் இல்லை. நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். எங்கள் குடும்ப வயலும் இரணைமடுக் குளத்தின் கீழ்தான். அதனால் இந்தத் துளி எங்கள் பக்கம் விழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எழுதலாம் என நினைத்தேன். கதையின் அடுத்த பாகம் வரும் என்று போட்டிருக்கிறீர்கள், எழுதியவருக்கு உதவக்கூடும்.

சின்னத்துளி ஒக்டோபர் மாதம், கனகராயன் ஆற்றின் நீரேந்து பகுதியில், வவுனியாவுக்கு வடக்கே காட்டுக்குள் எங்கோ விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் அது ஓட முடியாது. நாலைந்து மாத வெயிலில் நிலம் வெடித்துக் கிடக்கிறது. பாலை, வீரை மரங்களின் இலைகளே முதல் மழையில் ஒரு பங்கைப் பிடித்துவிடும், அது இலையிலேயே காய்ந்துபோகும். மிச்சம் மண்ணுக்குள் இறங்கும். முதல் மழை எவ்வளவு பெய்தாலும் குளத்தில் தண்ணீர் ஏறவில்லையே என்று எங்கள் ஆட்கள் அங்கலாய்ப்பது இதனால்தான். மண்ணின் தாகம் தீர்ந்து, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழைதான் நிலத்தின் மேலால் வழிந்து, வாய்க்கால் வழியாக ஆற்றுக்கு வந்து, இரணைமடுவை நிரப்பும்.

ஆகவே எங்கள் சின்னத்துளி மார்கழியில் விழட்டும். இரண்டொரு நாளில் குளத்துக்கு வந்துவிடும். அங்கே அதற்கு ஒரு நீண்ட தங்கல் இருக்கிறது, உங்கள் கதையில் அப்படி ஒரு இடமே இல்லை. அருவி, ஆறு, கடல் என்று துளி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கள் துளியோ குளக்கட்டுக்குள் தை, மாசி, பங்குனி என்று இருந்துவிட்டு, சிறுபோகத்துக்குத் துருசு திறக்கும்போதுதான் வெளியே வரும். வன்னியில் ஊருக்கு ஊர் குளம் கட்டி வைத்திருப்பதே துளியை இப்படி மறித்து வைக்கத்தானே.

மறித்தாலும் முழுவதையும் வைத்திருக்க முடியாது. எங்கள் ஊரில் குளத்தின் நீரை அடிக் கணக்கில் சொல்வோம். வரண்ட மாதங்களில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் அளவு ஆவியாகும். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். 30 நாளுக்குப் பெருக்கினால் 150 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட அரை அடி. ஒருவரும் துருசைத் தொடாமலே குளம் மாதம் அரை அடி இறங்குகிறது. இதுபோக, கட்டுக்குக் கீழே கசிந்து போகிற தண்ணீரும் உண்டு. அதை நட்டம் என்று சொல்ல எனக்கு மனமில்லை, குளத்துக்குக் கீழுள்ள வீட்டுக் கிணறுகளில் ஊறுவது பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான். குளம் வற்றினால் கிணறும் வற்றுவதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள்.

சரி, சின்னத்துளி இந்த இரண்டிலும் அகப்படாமல் வைகாசியில் துருசால் வெளியே வந்து, வாய்க்கால் வழியே வயலுக்குப் போகிறது. நெல்லின் வேர் அதை உறிஞ்சுகிறது. உறிஞ்சியதை நெல் என்ன செய்கிறது என்பது பிள்ளைகளை வியக்க வைக்கும் இடம். ஒரு பயிர் 100 துளி குடித்தால் இரண்டு மூன்று துளியைத்தான் தனக்கென்று வைத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் தண்டு வழியே ஏறி, இலையில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் வழியே காற்றுக்குப் போய்விடும். நம்பாத பிள்ளைக்குக் காட்டுவதும் சுலபம். காலையில் வெயில் படுகிற முருங்கைக் கொப்பு ஒன்றை ஒளி ஊடுருவும் பொலித்தீன் பையால் மூடி, வாயை நூலால் இறுகக் கட்டிவிடுங்கள். மத்தியானத்துக்குள் பையின் உட்புறம் முழுக்க நீர்த்துளி பூத்திருக்கும். பக்கத்தில் காய்ந்த கொப்பு ஒன்றையும் அதேபோலக் கட்டினால், அந்தப் பை காய்ந்தே இருக்கும். காற்றில் இருந்த ஈரம்தான் பையில் படிந்தது என்று யாரும் வாதாட முடியாது.

ஆக, எங்கள் துளி கடலைக் காணாமலே வானத்துக்குப் போய்விட்டது. இது வன்னிக்கு மட்டும் உரிய வேடிக்கை இல்லை. உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலும், நிலத்தில் விழும் மழையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மண், இலை, குளம் வழியாகத் திரும்ப ஆவியாகிறது. மூன்றில் ஒரு பங்குதான் கடலுக்கு ஓடுகிறது. உங்கள் கதையில் வந்தது அந்தச் சிறுபான்மைத் துளி. அதற்கும் எங்கள் ஊரில் இடம் உண்டு. 2018 டிசம்பரில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டி, இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் ஏறியதே, அந்த வெள்ளத்தில் இருந்த துளிகள் வயலைத் தொடாமலே சுண்டிக்குளம் கடல்நீரேரிப் பக்கம் போய்விட்டன.

இனி, மேலே போன துளிக்கு வருகிறேன். இங்கேதான் கதை பிள்ளைகளைப் பிழையான இடத்துக்குக் கொண்டுபோகிறது. சின்னத்துளி கண்ணும் மூக்கும் சிரிப்புமாக, துளியாகவே மேலே பறக்கிறது. ஆவியாகும்போது துளி என்று ஒன்று மிஞ்சாது. 2 மில்லிமீற்றர் அகலமுள்ள துளி ஒன்றில் உள்ள நீர் மூலக்கூறுகளை எண்ணப் போனால், 14 எழுதி அதன் பின்னால் 19 பூச்சியம் போடவேண்டும். அவை தனித்தனியாக, வேறு வேறு நேரத்தில் கிளம்புகின்றன. ஒன்று குளத்தில் ஆவியாகியிருக்கும், ஒன்று கிணற்றில் கிடக்கும், ஒன்று நெல்மணிக்குள் மாவாக மாறியிருக்கும். குழந்தைக் கதையில் இதை எப்படிச் சொல்வது என்று எழுதியவர் கேட்கலாம். சின்னத்துளியை ஒருத்தியாக வைக்காமல், கைகோத்து வந்த ஒரு பெரிய கூட்டமாக வைத்துவிடலாம். இலையின் வாசலில் கூட்டம் கையை விடுகிறது. கதை அதில் ஒரே ஒரு குட்டியின் பின்னால் போகிறது. பிள்ளைகள் இதைத் தாங்குவார்கள்.

அந்தக் குட்டி எங்கே போகும்? சராசரியாக எட்டு, பத்து நாள் காற்றில் இருக்கும். சிறுபோகக் காலத்தில் எங்கள் பக்கம் வீசுவது சோளகம். தென்மேற்கிலிருந்து வருகிற காற்று இரணைமடு வயல்களின் ஈரத்தை வங்காள விரிகுடாப் பக்கம் அள்ளிக்கொண்டு போய்விடும். அது கடலிலேயே விழலாம், பர்மாவிலும் விழலாம். கிளம்பிய ஊருக்கே திரும்பி வரும் என்று சொல்ல ஒரு நியாயமும் இல்லை. எங்களுக்குக் கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழை, வடகிழக்குப் பருவக்காற்று அதே விரிகுடாவின் மேலால் வரும்போது எடுத்துவருகிற வேறு நீர். உங்கள் கதையில் துளி புறப்பட்ட மலைக்கே வந்து சேர்வதை ஒரு பையன் பிடித்துக்கொண்டான். "அதுக்கு வழி எப்பிடித் தெரியும்?" என்றான். பாடப்புத்தகங்களில் வட்டமாகப் போடுகிற அம்புக்குறிப் படமும் இந்த மயக்கத்தைத்தான் தருகிறது.

கடலிலிருந்து வருகிற மழை ஏன் உப்புக் கரிக்கவில்லை என்பதைக் கதை தொடவே இல்லை. ஆனையிறவு உப்பளத்தை ஒருதரம் பார்த்த பிள்ளைக்கு அரை வரி போதும்: வெயில் தண்ணீரைக் கொண்டுபோகிறது, உப்பு பாத்தியில் கிடக்கிறது. ஆனாலும் உப்புக்கு மழையில் ஒரு வேலை உண்டு. அலை உடையும்போது தெறிக்கிற நுரையிலிருந்து மிக நுண்ணிய உப்புத்தூள் காற்றில் ஏறுகிறது. குளிர்ந்த உயரத்தில் ஆவி வந்து படிந்து நீராவதற்கு இப்படி ஒரு தூள் வேண்டும், உப்போ, புகையோ, புழுதியோ. அப்படி உண்டாகிற முகிற்துளியின் அகலம் 0.02 மில்லிமீற்றர்தான். ஒரு செக்கனில் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான் விழும், அவ்வளவு மெது. 2 மில்லிமீற்றர் மழைத்துளி ஆக அகலத்தில் 100 மடங்கு பெருக்கவேண்டும். அப்படியென்றால் 100ஐ 100ஆல் பெருக்கி, மீண்டும் 100ஆல் பெருக்கவேண்டும்: 10 இலட்சம் முகிற்துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இந்தக் கணக்கைத் தானே செய்துவிடும். முகில் இருந்தும் மழை பெய்யாத நாட்கள் ஏன் இத்தனை என்பதும் அப்போது தெரியும். உங்கள் கதையில் "முகில் பாரம் தாங்காமல் உடைந்தது" என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்கள்.

படம் வரைந்தவருக்கும் ஒரு சொல். விழுகிற மழைத்துளிக்கு மேலே கூர்வால் கிடையாது. சின்னதாக இருந்தால் உருண்டை. பெரிதாகப் பெரிதாக, கீழிருந்து தள்ளும் காற்றில் அடிப்பக்கம் தட்டையாகிப் பணிஸ் போல ஆகும். 5 மில்லிமீற்றரைத் தாண்டினால் பெரும்பாலும் உடைந்து சிதறிவிடும். கூர்வால் உள்ளது குழாயிலிருந்து சொட்டுகிற துளிக்கு, அதுவும் பிரியும் கணத்தில் மட்டும்.

அடுத்த பாகத்தில் துளியை ஒருமுறை எங்கள் பக்கம் விழ விடுங்கள். மலைக்குப் பதில் காடு, அருவிக்குப் பதில் துருசு, கடலுக்குப் பதில் நெல் இலை. பாசி கிச்சுகிச்சு மூட்டும் இடத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். குளத்தின் அலைகரைக் கல்லிலும் பாசி இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்
இரணைமடு, கிளிநொச்சி